இரண்டு திரை, இரண்டு அடர்த்தி: செந்தூல் அச்சகம் ஒன்றில் xrandr அளவு மாற்றமும் பானிங்கும்

பின்னணி

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு சிறிய அச்சகம். கல்யாண அழைப்பிதழ், கோவில் திருவிழா நோட்டீஸ், தைப்பூச நேரத்தில் தண்ணீர் பந்தலுக்கான பேனர் என்று பெரும்பாலும் தமிழ் வேலைதான். வடிவமைப்பைக் கவனிப்பவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அக்கா. கடையின் கணினிகளை எட்டு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன்.

அங்கே ஓடுவது லினக்ஸ் மின்ட் 19, மாட்டே டெஸ்க்டாப். 2018இல் வந்த பதிப்பு, அதற்கான ஆதரவு 2023இலேயே முடிந்துவிட்டது. ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரத்தின் டிரைவர் அதற்கு மேல் வந்த பதிப்புகளில் ஏறவில்லை. ஆகவே அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து வைத்து, வேலைக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள். புதிய டெஸ்க்டாப்புக்கு மாறினால் இந்தத் தலைவலியே இருக்காது என்று யாரும் சொல்லலாம். அந்த வழி இந்தக் கடைக்கு இல்லை.

பழைய மேசைக்கணினி பழுதானதும், கடை அண்ணன் செகண்ட் ஹேண்டில் ஒரு மடிக்கணினி வாங்கினார். 15.6 அங்குலத் திரை, 3840x2160 பிக்சல். அதோடு ஏற்கெனவே இருந்த 23.8 அங்குல மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தார். அது 1920x1080. சிக்கல் அங்கிருந்துதான் தொடங்கியது.

முதல் நாள் பார்த்தது

நான் போனபோது அக்கா மடிக்கணினித் திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் படித்துக்கொண்டிருந்தார். "தம்பி, இந்தப் பக்கம் எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. அந்தப் பக்கம் சரியா இருக்கு. செட்டிங்ல மாத்தினா இது சரியாகுது, அது பூதம் மாதிரி ஆகிடுது" என்றார். பிரச்சினை முழுவதும் அந்த மூன்று வாக்கியத்தில் இருந்தது.

மாட்டேயில் சாளர அளவை 1 என்றும் 2 என்றும் வைக்கலாம். இடையில் எதுவும் கிடையாது. திரைக்கு ஒன்றாகப் பிரித்து வைக்கவும் முடியாது, ஏனென்றால் திரையில் எல்லாவற்றையும் காட்டும் பின்னணி மென்பொருளான எக்ஸ் சர்வருக்கு இரண்டு மானிட்டரும் சேர்ந்து ஒரே பெரிய பலகை. அந்தப் பலகையின் எந்த மூலை எந்த மானிட்டரில் தெரிகிறது என்பதைப் பழைய மென்பொருள்கள் கவனிப்பதே இல்லை. 2 என்று வைத்தால் எல்லாச் சாளரமும் எல்லா இடத்திலும் இரண்டு மடங்குதான்.

ஊகத்தை விட்டு அளந்து பார்க்கலாம் என்று, திரைகளின் அமைப்பைக் காட்டவும் மாற்றவும் உதவும் xrandr என்ற கட்டளை கொடுத்த விவரத்தை எடுத்தேன். பிக்சல் எண்ணிக்கையோடு திரையின் உண்மையான அகலத்தையும் அது மில்லிமீட்டரில் காட்டும்.

```
Screen 0: minimum 320 x 200, current 5760 x 2160, maximum 8192 x 8192
eDP-1 connected primary 3840x2160+0+0 344mm x 194mm
HDMI-1 connected 1920x1080+3840+0 527mm x 296mm
```

வரிகளைக் கொஞ்சம் சுருக்கித் தந்திருக்கிறேன். 3840ஐ 344ஆல் வகுத்தால், மடிக்கணினியில் ஒரு மில்லிமீட்டருக்கு 11.16 பிக்சல். 1920ஐ 527ஆல் வகுத்தால், மானிட்டரில் 3.64 பிக்சல். இரண்டுக்கும் இடையே 3.06 மடங்கு வித்தியாசம். இந்த எண் பின்னால் திரும்ப வரும். முதல் வரியின் கடைசியில் இருக்கும் 8192 என்ற எண்ணை அன்று நான் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியிருக்க வேண்டும்.

எந்தப் பக்கம் வளைப்பது

எளிய வழி ஒன்று கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. மடிக்கணினித் திரையையும் 1920x1080க்கு இறக்கிவிட்டு, சாளர அளவை 1 என்று வைத்தால் இரண்டு திரையும் ஒத்துப்போகும். செய்து பார்த்தேன். எழுத்தெல்லாம் ஈரத்தாளில் மை பரவியதுபோல மங்கலாகிவிட்டது. குறைந்த விவரத்தில் வரைந்து அதைப் பெரிதாக்கினால், இல்லாத விவரத்தை வன்பொருள் இட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது. 'ணை', 'ழு' போன்ற எழுத்துகளின் சுழிவுகளை அருகில் பார்க்கத்தான் அந்தத் திரையை வாங்கினார்கள், அதனால் இந்த வழியை உடனே விட்டோம்.

எதிர்த்திசையில் போனால் கதை வேறு. எல்லாவற்றையும் மடிக்கணினிக்கு ஏற்றபடி இரண்டு மடங்கில் வரையச் சொல்லலாம். மானிட்டருக்குப் போகும் பகுதியையும் 3840x2160 அளவில் வரைந்து, அனுப்பும்போது 1920x1080க்குச் சுருக்கலாம். விவரம் கூடுதலாக இருந்து குறைகிறது, எனவே இழப்பு சிறியது. xrandr கட்டளையில் `--scale 2x2` செய்வது இதைத்தான். பெயரைப் பார்த்துப் பலர் படம் இரண்டு மடங்கு பெரிதாகும் என்று நினைக்கிறார்கள். அந்த மானிட்டருக்குக் கிடைக்கும் பலகைப் பரப்புதான் இரண்டு மடங்காகிறது. திரையில் பொருள்கள் பாதியாகத் தெரியும்.

ஆகவே முதலில் சாளர அளவை 2 ஆக்கிவிட்டு, மானிட்டரை மட்டும் சுருக்குவது என்று முடிவெடுத்தேன்.

```
gsettings set org.mate.interface window-scaling-factor 2
xrandr --output eDP-1 --mode 3840x2160 --pos 0x0 \
  --output HDMI-1 --mode 1920x1080 --scale 2x2 --pos 3840x0
```

மடிக்கணினியை `eDP-1` என்றும் மானிட்டரை `HDMI-1` என்றும் அழைப்பது இந்தக் கணினியின் டிரைவர். வேறு டிரைவர் இருந்தால் `eDP1`, `HDMI1` என்று கோடில்லாமல் வரும். ஒவ்வொரு கணினியிலும் `xrandr` காட்டும் பெயரையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுட்டி பாதியில் நின்றது

கட்டளை கொடுத்ததும் அக்கா "ஆ, சரியாயிடுச்சு" என்றார். பேனல், மெனு, எழுத்து எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே ஜாடையாக இருந்தன. அப்புறம் அவர் சுட்டியை மானிட்டரின் வலது பக்கம் கொண்டுபோகப் பார்த்தார். நடுவில் சுவரில் முட்டியதுபோல நின்றது. கீழேயும் பாதி உயரத்துக்கு மேல் இறங்கவில்லை. மானிட்டரின் மேல் இடது கால்பகுதியில் மட்டும்தான் சுட்டி நடமாட முடிந்தது.

இந்த அறிகுறியை ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. சுட்டி எங்கே போகலாம் என்று வேலி போடும்போது, பழைய எக்ஸ் சர்வர் மானிட்டரின் சொந்த அளவான 1920x1080ஐ எடுத்துக்கொள்கிறது. சுருக்கலால் விரிந்த 3840x2160ஐ அது கணக்கில் சேர்ப்பதில்லை. படம் முழுப் பரப்பில் இருக்க, வேலி மட்டும் கால்பரப்பில் நிற்கிறது.

பானிங் இங்கேதான் தேவைப்படுகிறது. அது முதலில் வேறு காரணத்துக்காக வந்த வசதி. பலகை மானிட்டரைவிடப் பெரிதாக இருந்தால், சுட்டி ஓரத்துக்குப் போகும்போது காட்சி நகர்ந்து மறைந்த பகுதியைக் காட்டும். நமக்கு அந்த நகர்வு வேண்டாம். ஆனால் பானிங் பரப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டால், சுட்டியின் வேலியைச் சர்வர் அந்தப் பரப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சுருக்கிய பரப்பும் பானிங் பரப்பும் மிகச் சரியாக ஒன்றாக இருந்தால், நகர இடமில்லாததால் காட்சி நகராது. வேலி மட்டும் விரியும்.

நான் செய்த முதல் தவறு இந்த இடத்தில். `--panning 3840x2160` என்று மட்டும் எழுதினேன். தொடங்கும் இடத்தை எழுதாவிட்டால் அது பலகையின் மேல் இடது மூலையிலிருந்து, அதாவது 0,0இலிருந்து தொடங்கும். அங்கே ஏற்கெனவே மடிக்கணினியின் பரப்பு இருக்கிறது. மானிட்டர் மடிக்கணினித் திரையின் நகலைக் காட்டத் தொடங்கியது. அக்கா திறந்து வைத்திருந்த அழைப்பிதழ்க் கோப்பு எங்கே போனது என்று பதறினார். கோப்பு பத்திரமாகத்தான் இருந்தது, அது கிடந்த பலகைப் பகுதியை எந்த மானிட்டரும் காட்டவில்லை.

`--pos` எங்கே தொடங்குகிறதோ, பானிங் பரப்பும் அங்கேயே தொடங்க வேண்டும். அகல உயரம் மானிட்டரின் அளவைச் சுருக்க எண்ணால் பெருக்கியது. 1920 பெருக்கல் 2, 1080 பெருக்கல் 2, தொடக்கம் 3840,0.

```
xrandr --fb 7680x2160 \
  --output eDP-1 --mode 3840x2160 --pos 0x0 --panning 0x0 \
  --output HDMI-1 --mode 1920x1080 --scale 2x2 \
  --pos 3840x0 --panning 3840x2160+3840+0
```

`--fb` என்பது முழுப் பலகையின் அளவு: 3840உம் 3840உம் சேர்ந்து 7680. மடிக்கணினிக்குக் கொடுத்த `--panning 0x0` முன்பு செய்த சோதனையின் மிச்சத்தைத் துடைப்பதற்கு. ஒருமுறை வைத்த பானிங் அடுத்த கட்டளையில் தானாக மறையாது. சோதனை செய்துகொண்டே போகும்போது பழைய பானிங் ஒட்டிக்கொண்டிருந்து குழப்பும்.

இந்தக் கட்டளைக்குப் பிறகு சுட்டி மானிட்டரின் நான்கு மூலைக்கும் போனது. நான்கு மூலையையும் தொட்டுப் பார்ப்பதுதான் இதற்கான சோதனை. பானிங் பரப்பு சில பிக்சல் கூடினாலும், ஓரத்தைத் தொடும்போது முழுத் திரையும் லேசாக ஆடும். எங்களுக்கு ஆடவில்லை.

சுட்டியின் துடிப்பு

அடுத்து மடிக்கணினித் திரையில் சுட்டி விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது. மானிட்டரில் மின்னவில்லை. எதைச் சுருக்கினோமோ அது ஒழுங்காக இருக்க, தொடாத திரையில் கோளாறு.

சாதாரணமாகச் சுட்டியின் படத்தை வரைகலைச் சில்லு தனியாக மேலே ஒட்டுகிறது. ஒரு திரையைச் சுருக்கும்போது அந்த ஒட்டும் வழி அங்கே பொருந்தாமல் போய், சர்வரே சுட்டியைப் பலகையில் வரைந்து, அழித்து, மறுபடி வரைகிறது. சுருக்கப்படும் திரைக்குப் போவது வரைந்து முடித்த பிறகு எடுக்கும் நகல். அதனால் அழிக்கும் கணம் அங்கே தெரிவதில்லை. மடிக்கணினி பலகையை நேரடியாகக் காட்டுவதால், அழிக்கும் கணமும் கண்ணில் படுகிறது.

இதற்கு லினக்ஸ்காரர்கள் கையாளும் வழக்கமான தந்திரம், சுருக்கத் தேவையில்லாத திரைக்கும் `--scale 0.9999x0.9999` கொடுப்பது. அப்போது அந்தத் திரையும் நகல் வழிக்கு வந்துவிடும், மின்னல் நிற்கும். இதற்கு ஒரு விலை உண்டு. 3840 பிக்சல் அகலத்தில் அந்த 0.0001 வித்தியாசம் வலது ஓரத்துக்குப் போகும்போது ஒரு பிக்சலில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகச் சேர்ந்துவிடுகிறது. இடது ஓரம் கூர்மையாகவும் வலது ஓரம் மிக மெல்லிய மங்கலோடும் இருக்கும். மில்லிமீட்டருக்கு 11 பிக்சல் உள்ள திரையில் அது கண்ணுக்குப் படவில்லை. அடர்த்தி குறைந்த மானிட்டரில் இதையே செய்திருந்தால் நான் யோசித்திருப்பேன்.

மூன்று மடங்கு ஆசை

ஒரு வாரம் ஓடியது. அதன் பிறகு கடை அண்ணன் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். 5க்கு 7 அங்குல அழைப்பிதழ் மானிட்டரில் ஒரு அளவாகவும், மடிக்கணினிக்கு இழுத்தால் சின்னதாகவும் தெரிகிறதே, ஒரே அளவு என்றல்லவா சொன்னாய் என்றார்.

அளவுகோல் வைத்துப் பார்த்தோம். மானிட்டரில் 127 மில்லிமீட்டர் அகலம் இருந்த அட்டை, மடிக்கணினியில் 83 மில்லிமீட்டர். 3.06 மடங்கு வித்தியாசத்தில் 2ஐத்தான் நாம் ஈடு செய்திருந்தோம். மிச்சம் 1.53 மடங்கு அப்படியே நின்றது. 127ஐ 1.53ஆல் வகுத்தால் 83.

எனக்கும் ஆசை வந்துவிட்டது. சுருக்க எண்ணை 3 ஆக்கினால் இரண்டு திரையிலும் அட்டை ஏறக்குறைய ஒரே நீளம். கட்டளையில் 2ஐ 3 ஆக்கி, பானிங் பரப்பை 5760x3240 ஆக்கி, பழைய `--fb` பகுதியை எடுத்துவிட்டேன். வந்த பதில் இதுதான்.

```
xrandr: screen cannot be larger than 8192x8192 (desired size 9600x3240)
```

முதல் நாள் நான் பொருட்படுத்தாத 8192 இதுதான். 3840உம் 5760உம் சேர்ந்து 9600. இந்தக் கணினியின் கெர்னலும் டிரைவரும் அனுமதிக்கும் பலகையின் அகலம் அதற்குக் குறைவு. புதிய கெர்னல்களில் இந்த எல்லை பல சில்லுகளுக்கு 16384 வரை உயர்ந்திருக்கிறது. பழைய பதிப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த வசதி இல்லை.

அகலத்துக்குத்தான் எல்லை என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாமே. மானிட்டரை மேலேயும் மடிக்கணினியைக் கீழேயும் வைத்தால் அகலம் 5760, உயரம் 3240உம் 2160உம் சேர்ந்து 5400. இரண்டும் எல்லைக்குள். மேசையில் மானிட்டரைச் சுவர்த் தாங்கியில் உயர்த்தி மாட்டினோம். கட்டளை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அளவுகோலில் அட்டை இரண்டு திரையிலும் பொருந்தியது. அண்ணன் மகிழ்ந்தார்.

மறுநாள் காலை அக்கா போன் செய்தார். "தம்பி, கணக்குத் தாள்ல பாதிக் கோடு காணோம். சில எழுத்துல புள்ளியும் தேஞ்ச மாதிரி இருக்கு."

போய்ப் பார்த்தேன். லிப்ரே ஆபிஸ் கணக்குத் தாளில் சில கட்டக் கோடுகள் தெரிந்தன, சில அடியோடு இல்லை. தாளைக் கொஞ்சம் மேலே நகர்த்தினால் மறைந்தவை வந்தன, இருந்தவை போயின. சின்ன எழுத்தில் 'க்', 'ம்' ஆகியவற்றின் மேற்புள்ளி சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் ஒரு கீறலாகவும் இருந்தது. தமிழுக்கு இது சிறு குறை இல்லை. அழைப்பிதழில் மெய்யெழுத்தின் புள்ளி விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர் திரையையே பார்க்கிறார்.

நகர்த்தும்போது மாறியதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. சுருக்கும்போது xrandr இந்தப் பதிப்பில் பயன்படுத்தும் வடிகட்டி, மானிட்டரின் ஒவ்வொரு பிக்சலுக்கும் பலகையில் ஒரு இடத்தைக் குறித்து, அதைச் சுற்றியுள்ள நான்கு பிக்சல்களை மட்டும் கலக்கிறது. 2 மடங்கில் அந்த இடம் நான்கு பிக்சல்கள் சந்திக்கும் முனையில் மிகச் சரியாக விழுகிறது. நான்கும் சமபங்கில் கலக்கின்றன, எதுவும் விடுபடுவதில்லை. 3 மடங்கில் ஒவ்வொரு மானிட்டர் பிக்சலுக்கும் பலகையில் ஒன்பது பிக்சல் உண்டு. குறிக்கும் இடமோ அந்த ஒன்பதின் நடுப்பிக்சலின் மையத்தில் விழுகிறது. அக்கம்பக்கத்தின் பங்கு பூஜ்யமாகி, நடுப்பிக்சல் ஒன்று மட்டும் எடுக்கப்படுகிறது, எட்டு தூக்கி எறியப்படுகின்றன. ஒரு பிக்சல் தடிமனுள்ள கோடு நடுவில் விழுந்தால் பிழைத்தது, இல்லாவிட்டால் மறைந்தது. மூன்றில் ஒரு வாய்ப்பு.

1.5 போன்ற பின்ன எண்களில் இன்னொரு விதம். கோடுகள் மறையாது, ஆனால் ஒரு எழுத்து கூர்மையாகவும் பக்கத்து எழுத்து மங்கலாகவும் மாறிமாறி வரும். இந்த வடிகட்டியோடு நல்லபடியாகச் சுருங்கும் எண் 2 ஒன்றுதான் என்பது என் முடிவு.

தூரத்தைக் கொண்டு ஈடு செய்தது

மறுபடி 2க்கே வந்தோம். மானிட்டரைச் சுவரிலிருந்து இறக்கிப் பக்கவாட்டில் வைத்தோம். மிச்சமிருந்த 1.53ஐ என்ன செய்வது?

அக்காவிடம் கேட்டேன், அளவுகோல் பொருத்தம் வேண்டுமா, கண்ணுக்குப் பொருத்தம் வேண்டுமா என்று. படிக்கும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் போதும் என்றார். கண்ணுக்குத் தெரியும் அளவு தூரத்தைப் பொறுத்தது. 1.53 மடங்கு பெரிய எழுத்து, 1.53 மடங்கு தள்ளி இருந்தால் ஒரே அளவாகத் தெரியும். மடிக்கணினி அவர் கண்ணிலிருந்து 45 சென்டிமீட்டரில் இருந்தது. 45ஐ 1.53ஆல் பெருக்கினால் 69. டேப்பை வைத்து அளந்து, மானிட்டரை 70 சென்டிமீட்டருக்குத் தள்ளி, நிற்கும் இடத்தை மேசையில் டேப் ஒட்டிக் குறித்தோம். அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இப்ப ஒண்ணுதான்" என்றார். மென்பொருளில் இரண்டு நாள் தேடிய விடை மேசையை இருபது சென்டிமீட்டர் ஒதுக்கியதில் கிடைத்தது.

அண்ணன் கேட்ட அச்சளவுக் கேள்விக்குத் தனியாக ஒரு ஏற்பாடு செய்தோம். இங்க்ஸ்கேப்பின் விருப்ப அமைப்பில் நிஜ அளவுகோலைத் திரையில் வைத்துப் பெரிதாக்கத்தைத் திருத்தும் இடம் உண்டு. அது மென்பொருள் முழுவதற்கும் ஒரே திருத்தம், திரைக்கு ஒன்றாக வைக்க முடியாது. ஆகவே மானிட்டருக்கு மட்டும் திருத்தி வைத்தோம். அங்கே 100 விழுக்காட்டில் 127 மில்லிமீட்டர் அட்டை 127ஆகவே இருக்கும். உண்மையான அளவை மானிட்டரில் மட்டும் பார்ப்பது, சுழிவையும் புள்ளியையும் மடிக்கணினியில் பார்ப்பது என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

எழுத்து ஓரத்தில் நிறம்

சில நாள் கழித்து அக்கா கவனித்த இன்னொன்று: மானிட்டரில் கருப்பு எழுத்தின் ஓரங்களில் லேசான செம்மையும் நீலமும். எழுத்தை மென்மையாக்க, பிக்சலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் கோடுகளைத் தனித்தனியாகப் பயன்படுத்தும் முறை இயங்கிக்கொண்டிருந்தது. பலகையின் பிக்சலும் மானிட்டரின் பிக்சலும் ஒன்றுக்கு ஒன்றாக இருக்கும்போதுதான் அந்த நிறங்கள் உரிய இடத்தில் விழும். நான்கு பிக்சலை ஒன்றாக்கியதும் நிறம் இடம் மாறிவிடுகிறது. சாம்பல் நிற மென்மைக்கு மாற்றியதும் போய்விட்டது.

```
gsettings set org.mate.font-rendering antialiasing grayscale
```

மறுபடி தொடங்கும்போது

xrandr கட்டளை அந்த அமர்வோடு முடிந்துவிடும். கணினியை அணைத்துப் போட்டால் எல்லாம் பழையபடி. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் மாட்டே தான் சேமித்து வைத்த பழைய அமைப்பைத் திணிக்கும். அந்தத் திணிப்பை நிறுத்திவிட்டு, உள்நுழைந்ததும் ஓடும்படி ஒரு சிறு கோப்பு வைத்தோம்.

```
gsettings set org.mate.SettingsDaemon.plugins.xrandr active false
```

```
#!/bin/sh
sleep 5
xrandr | grep -q '^HDMI-1 connected' || exit 0
xrandr --fb 7680x2160 \
  --output eDP-1 --primary --mode 3840x2160 \
    --scale 0.9999x0.9999 --pos 0x0 \
  --output HDMI-1 --mode 1920x1080 --scale 2x2 \
    --pos 3840x0 --panning 3840x2160+3840+0
```

ஐந்து வினாடி காத்திருப்பது டெஸ்க்டாப் தன் வேலையை முடிக்கட்டும் என்பதற்காக. மானிட்டர் இணைக்கப்படாமல் இருந்தால் இரண்டாவது xrandr கட்டளைக்குப் போகாமல் கோப்பு நின்றுவிடும். இதே கோப்பை விசைப்பலகையில் ஒரு குறுக்குவழிக்கும் கொடுத்தோம். கேபிள் கழன்று மாட்டினால் அக்கா அந்த விசையை அழுத்துவார்.

விளைவும் மிச்சமும்

ஒரு தைப்பூச சீசன் முழுவதும் இந்த ஏற்பாட்டில் வேலை நடந்தது. அக்கா இப்போது திரைக்கு முகத்தைக் கொண்டுபோவதில்லை.

சில குறைகள் இருக்கின்றன. இரண்டு திரையும் நகல் வழியில் போவதால் சில்லுக்கு வேலை அதிகம். நீளமான தாளை வேகமாக உருட்டினால் மானிட்டரில் படம் நடுவில் கிழிந்ததுபோல ஒரு கணம் தெரியும். வீடியோ பார்க்கும் கணினியாக இருந்தால் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் வைத்திருக்கும் பழைய இங்க்ஸ்கேப்பில் எழுத்து பெரிதாகிறது, கருவிப் படங்கள் இரண்டு திரையிலுமே சின்னதாக நிற்கின்றன. அதன் விருப்ப அமைப்பில் படங்களைப் பெரிய அளவுக்கு மாற்றி ஓரளவு சமாளித்தோம். மானிட்டரைத் திரைப்பிடிப்பு எடுத்தால் 3840x2160 படம் வருகிறது. வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் மாதிரி அனுப்பப் பிடிப்பை வேறு கணினிக்கு எடுத்துப்போகும் அண்ணன், முதலில் அதைப் பாதியாகச் சுருக்கிக்கொள்கிறார்.

மீண்டும் செய்தால்

முதல் நாளே பலகையின் உச்ச அளவைப் பார்த்து, எந்தச் சுருக்க எண் எந்த அடுக்கில் அதற்குள் அடங்கும் என்று தாளில் கூட்டிப் பார்ப்பேன். மூன்று மடங்கு முயற்சியையும் சுவர்த் தாங்கிக்குப் போட்ட துளையையும் அது தவிர்த்திருக்கும்.

எந்தச் சுருக்க எண்ணையும் அட்டையை வைத்துச் சோதித்தால் போதாது என்பதும் இப்போது தெரியும். ஒரு பிக்சல் கோடுகள் நிறைந்த கணக்குத் தாளையும், சின்ன அளவில் மெய்யெழுத்துகள் நிறைந்த ஒரு பத்தியையும் திறந்து, மெதுவாக நகர்த்திப் பார்ப்பேன். கோடு வந்து வந்து போனால் அந்த எண் ஆகாது.

தவறான பானிங்கால் சாளரங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போனபோது, தெரியாத இடத்தில் கிடந்த டெர்மினலில் குருட்டாம்போக்காகத் தட்டச்சு செய்து மீள வேண்டியிருந்தது. இப்போதெல்லாம் எந்தச் சோதனைக்கு முன்னாலும் இதைக் கொடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறேன்:

```
(sleep 30; xrandr --output eDP-1 --auto --scale 1x1 --pos 0x0 \
  --output HDMI-1 --auto --scale 1x1 --panning 0x0 --pos 3840x0) &
```

முப்பது வினாடியில் திரை தானாகப் பழைய நிலைக்கு வரும். கட்டளை சரியாக வந்திருந்தால் மறுபடி ஒருமுறை கொடுத்துக்கொள்ளலாம். அக்காவின் மேசையில் திறந்திருக்கும் கோப்பு எப்போதும் யாரோ ஒருவரின் கல்யாணத் தேதியோடு இருக்கும், அது கண்ணிலிருந்து மறைய வேண்டியதில்லை.